நூல் விடாத வெண்டைக்காய்: தோசைக்கல்லும் கடைசி நிமிட உப்பும்

எங்கள் வீட்டில் காலைச் சமையல் என் பொறுப்புக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரிக்குக் காலை 7 மணிக்கே பேருந்து. மகளுக்கு 8 மணிக்குச் சாப்பாட்டு டப்பா தயாராக இருக்க வேண்டும். சோறு, குழம்பு எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்டது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம்தான் இடித்தது, அதிலும் வெண்டைக்காய். முதல் நாள் டப்பா திரும்பி வந்தபோது வெண்டைக்காய் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு துண்டை எடுத்தேன். அதோடு நாலு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது, இடையில் ஒரு சாண் நீளத்துக்கு நூல். "அப்பச்சி, இது சிலந்தி வலை மாதிரி இருக்கு" என்றாள் மகள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்று செய்தது இதுதான். அரைக் கிலோ காயைக் குழாயில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வட்டமாக நறுக்கினேன். குழிவான இண்டாலியம் சட்டியில் எண்ணெய் விட்டு, கடுகு உளுந்து தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் போட்டு, உடனே காயையும் கொட்டினேன். "உப்புப் போட்டா சீக்கிரம் வதங்கும்" என்று எங்கோ கேட்ட நினைவில் உப்பைத் தூவினேன். மூடி போட்டு, தீயைக் குறைத்து, டப்பா கழுவப் போய்விட்டேன். பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் அடியில் பிடித்திருந்தது. பதறிப்போய் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். அதோடு முடிந்தது கதை.

இதில் எத்தனை தப்பு என்று எண்ணினால் ஆறு வருகிறது. ஆனால் ஆறும் ஒரே தப்பின் ஆறு வேஷங்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் நான் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறேன், அல்லது வெளியே போகப் பார்த்த தண்ணீரைத் தடுத்திருக்கிறேன்.

வெண்டைக்காயின் கொழகொழப்பு எண்ணெயும் இல்லை, சாறும் இல்லை. காய்க்குள்ளேயே இருக்கும் ஒருவகைப் பிசின், சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. தண்ணீர் கிடைத்தால் ஊறிப் பெருத்து நூலாக இழுக்கும். தண்ணீர் இல்லையென்றால் காய்ந்து மெல்லிய படலமாகத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும், நாக்குக்குத் தெரியாது. பிசினை யாரும் காயிலிருந்து எடுத்துவிட முடியாது, அதன் தண்ணீரைத்தான் எடுக்க முடியும். பச்சை வெண்டைக்காயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பொரியல் உதிர் உதிராக வர அதில் கணிசமான பங்கு போக வேண்டும். அரைக் கிலோ காய் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் சட்டியிலிருந்து ஆவியாகி வெளியே போக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைச் சுண்டவைக்க அடுப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்தாலே, சிறு தீயும் மூடியும் ஏன் உதவாது என்று தெரிந்துவிடும்.

என் தொழில் ஏசி பழுது பார்ப்பது. குளிர்ந்த சுருளில் ஈரக்காற்று பட்டுத் தண்ணீராகச் சொட்டுவதைத் தினமும் பார்க்கிறவன், சட்டி மூடியின் உள்பக்கம் அதே வேலை நடப்பதை யோசிக்காமல் விட்டேன். காயிலிருந்து கிளம்பிய ஆவி மூடியில் பட்டு, குளிர்ந்து, மறுபடி காய் மேலேயே சொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை ஆயா வீட்டுக்குப் போனபோது நடந்ததைச் சொன்னேன். ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இப்போது அடுப்படிப் பக்கம் அதிகம் போவதில்லை, வீட்டின் நடுவில் இருக்கும் வளவில் உட்கார்ந்தபடியே சமையலை நடத்துவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"உப்ப எப்பப் போட்ட?"

"காயப் போட்ட உடனே, ஆயா."

"அப்ப நீ மண்டிக்குத்தான் வதக்கியிருக்க. ரெண்டு குவளை அரிசி கழுவுன தண்ணியும் புளியும் ஊத்தியிருந்தா மண்டியாச்சும் ஆயிருக்கும்."

கேலிதான், ஆனால் விஷயம் உள்ள கேலி. எங்கள் பக்கத்து வெண்டைக்காய் மண்டியில் அரிசி களைந்த தண்ணீரும் புளியும் சேர்ந்து கொதிக்கும். அதில் கொஞ்சம் வழவழப்பு இருந்தால்தான் சோற்றோடு குழம்பு சேரும். பொரியலில் அதே வழவழப்பு குற்றம். வேண்டியபோது அதை வரவழைக்கவும் வேண்டாதபோது அடக்கவும் ஆயாவுக்குத் தெரிகிறது. எனக்கு வரவழைக்க மட்டும்தான் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது பின்கட்டில் சாத்தியிருந்த பழைய இரும்புத் தோசைக்கல்லை எடுத்துப் போகச் சொன்னார். ஓரம் ஒரு விரல் உயரத்துக்கு எழும்பிய, தட்டையான, கனத்த கல். நடுவில் அளந்தால் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. "குழிச் சட்டில காய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரும். அடியில இருக்கறது கருகும், மேல இருக்கறது அவியும்" என்றார்.

மறுநாளே ஒரு சின்னச் சோதனை செய்தேன், அடுப்பே பற்றவைக்காமல். ஒரே காயிலிருந்து வெட்டிய பத்து வட்டங்களை ஒரு தட்டில், இன்னொரு காயிலிருந்து பத்தை வேறொரு தட்டில் வைத்தேன். முதல் தட்டில் இரண்டு சிட்டிகை தூள் உப்பு. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் உப்புப் போட்ட துண்டுகளின் வெட்டுமுகத்தில் வியர்வை போலப் பொடிப் பொடி முத்து பூத்தது. பத்தாவது நிமிடத்தில் முத்துகள் சேர்ந்து தட்டில் வழிந்திருந்தன. விரலால் தொட்டுத் தூக்கினால் நூல். உப்பில்லாத தட்டில் வெட்டுமுகம் கொஞ்சம் பளபளத்தது, அவ்வளவுதான். தட்டு உலர்ந்தே இருந்தது. உப்பு செய்வது இதுதான்: காயின் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அந்தத் தண்ணீர் வெட்டுமுகத்தில் இருக்கும் பிசினைத் தொட்ட கணத்தில் கொழகொழப்பு பிறந்துவிடுகிறது. கத்திரிக்காய்க்கோ கோஸுக்கோ இப்படித் தண்ணீர் வருவது உதவி, சீக்கிரம் வேகும். வெண்டைக்காய்க்கு அதுவே வினை.

அடுத்து அடுப்பில். அரைக் கிலோ காயை முதல் நாள் இரவே கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு வேட்டியில் பரப்பிவிட்டேன். காலையில் காம்பைச் சீவி ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக நறுக்கினேன். கத்தியில் பிசின் ஏறும்போதெல்லாம் காய்ந்த துணியால் துடைத்தேன், தண்ணீரில் கழுவவில்லை. நறுக்கியதை இரண்டு கால் கிலோவாகப் பிரித்தேன். கல் ஒன்று, எண்ணெய் அளவு ஒன்று, தீ ஒன்று. உப்பு போடும் நேரம் மட்டும் வேறு.

முதல் கால் கிலோவுக்கு உப்பு ஆரம்பத்திலேயே. முதல் நிமிடம் நன்றாகத்தான் சொய்ங்கென்று சத்தம் வந்தது. இரண்டாவது நிமிடத்தில் சத்தம் இறங்கி, களக் களக் என்று கஞ்சி கொதிப்பது மாதிரி ஆனது. கல்லில் ஈரம் பளபளத்தது. திருப்பினால் துண்டுகள் கூட்டமாகவே திரும்பின. விடாமல் பெரிய தீயிலேயே வைத்திருந்தேன். பதினேழாவது நிமிடத்தில் ஒருவழியாக ஈரம் வற்றியது. நூலும் போய்விட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் தோல் சுருங்கி, நிறம் பாசி பிடித்த மாதிரி மங்கி, விதைகள் பாதி வெளியே கொட்டி, கல்லில் ஒரு படலம் கருகி ஒட்டியிருந்தது.

இரண்டாவது கால் கிலோவுக்கு உப்பு கடைசியில். பதினோராவது நிமிடத்தில் முடிந்தது. துண்டுகள் வட்டமாகவே இருந்தன, ஓரத்தில் பொன்னிறம், நடுவில் பச்சை. ஆக, முதலிலேயே உப்புப் போட்டால் வெண்டைக்காய் உருப்படவே உருப்படாது என்பதில்லை. பரந்த கல்லும் பெரிய தீயும் இருந்தால் மீட்டுவிடலாம். ஆனால் ஆறு நிமிடமும் காயின் உருவமும் அதற்கு விலை. குழிச் சட்டியும் சிறு தீயும் என்றால் அந்த மீட்பும் கிடையாது.

சூடு பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் தொழிலுக்கு வாங்கிய வெப்பமானித் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, தொடாமலே தூரத்திலிருந்து காட்டினால் சூட்டைச் சொல்லும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பளபளக்கும் இண்டாலியத்திலும் எவர்சில்வரிலும் அது குறைத்துச் சொல்லும். ஏசியின் செப்புக் குழாயில் கூட நாங்கள் கறுப்பு டேப் ஒட்டித்தான் அளப்போம். எண்ணெய் ஏறிக் கறுத்த இரும்புக் கல்லில் அது காட்டுவதை நம்பலாம்.

பெரிய பர்னரில் முழுத் தீயில் கல் நான்கு நிமிடத்தில் 200 டிகிரியைத் தொட்டது. காயைப் பரப்பியதும் துண்டுகளுக்கு இடையில் தெரிந்த கல் 130க்கு விழுந்தது. கால் கிலோவாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி ஏற ஆரம்பிக்கிறது. பேராசைப்பட்டு ஒருநாள் அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டினேன். கல் 100ஐ ஒட்டி இறங்கி அங்கேயே படுத்துவிட்டது. 100 டிகிரியில் நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, அடுப்பு கொடுக்கும் சூடெல்லாம் அதைக் கொதிக்கவைக்கவே சரியாகப் போகிறது என்று அர்த்தம். நீங்கள் வதக்கவில்லை, அவிக்கிறீர்கள்.

வெப்பமானி இல்லாதவர்களுக்குக் காது போதும், உண்மையில் வெப்பமானியைவிடக் காது நல்லது. ஒரு துண்டை மட்டும் கல்லில் வையுங்கள். வைத்த கணமே சுறுசுறுவென்று ஓரத்தைச் சுற்றிக் குமிழி கிளம்பினால் சூடு போதும். இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் சத்தம் வருகிறது என்றால் இன்னும் காய வேண்டும். மீதிக் காயைப் போட்ட பிறகும் அந்தச் சுறுசுறுப்பு முழுக்க அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் கல்லுக்குத் தாங்காத அளவு போட்டுவிட்டீர்கள். பாதியைத் தயங்காமல் தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். நான் ஒருமுறை மனசு வராமல் விட்டுவிட்டு அப்புறம் வருந்தினேன்.

இந்தச் சூட்டில் ஒரு சிக்கல் உண்டு. செக்குக் கடலை எண்ணெய் 200 டிகிரிக் கல்லில் தனியாக விழுந்தால் உடனே புகையும். கடுகு வெடித்துப் பறக்கும், உளுந்து கண்ணிமைக்கும் நேரத்தில் கறுக்கும். முதல் நாலு தடவை என் பொரியலில் கறுப்பு உளுந்து இருந்தது இதனால்தான். ஆயாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "எண்ணெயக் கல்லுல ஏண்டா ஊத்துற? காயில பிசறிப் போடு" என்றார். கால் கிலோ நறுக்கிய காயில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக் கையால் லேசாகப் புரட்டி, எண்ணெய் இல்லாத காய்ந்த கல்லில் பரப்பினேன். புகை இல்லை. வெட்டுமுகம் எல்லாவற்றிலும் எண்ணெய் பூசியிருந்ததால் கல்லிலும் ஒட்டவில்லை, துண்டோடு துண்டும் ஒட்டவில்லை. தாளிப்பைத் தனியாகக் குழிக்கரண்டியில் செய்து கடைசியில் கொட்டினேன். இந்த ஒரு மாற்றம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கொடுத்தது.

பரப்பியதும் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. கை அரிக்கும். ஆனாலும் முதல் ஒன்றரை நிமிடம் கரண்டியைத் தொடக் கூடாது. கல்லில் பட்ட முகம் காய்ந்து மேலே ஒரு தோல் கட்ட அந்த நேரம் வேண்டும். அதற்குள் கிளறினால் ஈரமான முகத்தை ஒன்றோடொன்று தேய்த்து, பிசினை எல்லாத் துண்டுக்கும் பூசிவிடுகிறோம். அதன் பிறகு தோசைத் திருப்பியால் அடியோடு வழித்து ஒருமுறை திருப்பிப் பரப்ப வேண்டும். மறுபடி ஒன்றரை நிமிடம். மொத்தம் ஏழு எட்டு முறைக்கு மேல் திருப்பியைத் தொட்டால் அது அதிகம்.

நடுவில் நூல் கட்டாயம் வரும். மூன்றாவது நான்காவது நிமிடத்தில் திருப்பும்போது வெள்ளை இழை இழையாக இழுக்கும். முதல் தடவை பார்த்தபோது எல்லாம் போச்சு என்று நினைத்து, புளிப்பு விட்டால் நூல் அறும் என்று தயிர் எடுக்க ஓடினேன். தேவையில்லை. உள்ளே இருந்த ஈரம் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம்தான் அது. சத்தம் மட்டும் விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறாவது ஏழாவது நிமிடத்தில் இழை உடைய ஆரம்பிக்கும், ஒன்பதில் காணாமல் போகும்.

அதே சமயம் கடைசி வரை முழுத் தீ வைப்பதும் தப்பு. ஒருநாள் அப்படி வைத்தேன். ஆறு நிமிடத்தில் வெளியே கருகலாகவே நிறம் ஏறிவிட்டது, முடிந்தது என்று இறக்கினேன். கடித்தால் விதை இருக்கும் அறைகளுக்குள் பிசின் அப்படியே இருந்தது. வெட்டுமுகம் சீக்கிரம் காய்கிறது, உள்ளறைக்குச் சூடு போய்ச் சேர நேரம் வேண்டும். அதனால் முதல் நான்கு நிமிடம் முழுத் தீ, பிறகு அதில் பாதிக்குச் சற்று மேலே, சுறுசுறுப்பு கேட்கிற அளவுக்குக் குறைத்து ஆறு ஏழு நிமிடம். எங்கள் அடுப்பில் இதுதான் பொருந்தியது. உங்கள் பர்னர் சின்னது என்றால் நேரம் கூடும், சத்தம்தான் கணக்கு.

இனி உப்பு எப்போது. மூன்று அடையாளம் பார்க்கிறேன். கல்லைக் கைப்பிடியில் பிடித்து உலுக்கினால் துண்டுகள் தனித்தனியாக வழுக்கி ஓட வேண்டும். திருப்பியில் நாலு துண்டைத் தூக்கினால் இடையில் இழை இருக்கக் கூடாது. சத்தம் விடாத சொய்யிலிருந்து மாறி, பொட் பொட்டென்று விட்டு விட்டு வர வேண்டும். மூன்றும் வந்த பிறகே உப்பு. தூள் உப்புதான், கல்லுப்பு இல்லை, கரைத்த உப்புத் தண்ணீர் அறவே இல்லை. கடைசி நேரத்தில் கரைய ஈரமில்லாததால் கல்லுப்பு பல்லில் கடிபடும். கையை ஒரு முழம் உயர்த்தித் தூவினால் பரவலாக விழும். தூவி இன்னும் ஒரு நிமிடம் தீயில் வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் பரீட்சை: உப்பு விழுந்ததும் துண்டுகள் மறுபடி பளபளத்து ஈரம் கசிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஒன்றும் கெடவில்லை, இரண்டு நிமிடம் கூட வைத்தால் காய்ந்துவிடும்.

அளவிலும் ஏமாந்தேன். பச்சையாகக் குவிந்திருந்த காயைப் பார்த்துக் கண்ணளவில் போட்டு வந்த எனக்கு, வதங்கிச் சுருங்கிய பிறகு அதே அளவு கரித்தது. கால் கிலோ பச்சைக் காயைத் தராசில் வைத்து, வதக்கி முடித்ததை மறுபடி வைத்தபோது 150 கிராம் சொச்சம்தான் இருந்தது. உப்பும் மேலோடு நிற்பதால் நாக்கில் முதலில் படுகிறது. இப்போது கால் கிலோவுக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி, அதுவும் சில நாள் கொஞ்சம் குறைத்து.

வெங்காயம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வெங்காயமும் தண்ணீர் விடும் பண்டம்தான். எங்கள் பக்கம் வெங்காயமும் சோம்பும் இல்லாமல் வெஞ்சனமா என்பார்கள். நான் தாளிப்புக் கரண்டிக்குப் பதில் சின்னச் சட்டியில் கடுகு, உளுந்து, சோம்பு, கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றையும் தனியே சிவக்க வதக்கி, உப்பு போட்ட பிறகு காயோடு சேர்க்கிறேன். மிளகாய்த்தூளும் அப்போதுதான், தீயை அணைப்பதற்கு அரை நிமிடம் முன்னால். தேங்காய்ப்பூ போடுவதானால் இறக்கிய பிறகு.

புளிப்பு பிசினை அறுக்கும் என்பது நிஜம். எலுமிச்சையோ தயிரோ ஒரு கரண்டி விட்டால் நூல் இளகும். ஆனால் மேலே சொன்ன மாதிரி வதக்கினால் அதற்கு வேலையே இல்லை. இரும்புக் கல்லில் விட்டால் இன்னொரு வம்பும் வரும்: காய் மைக்கறுப்பாகும். ஒருநாள் எலுமிச்சையைக் கல்லிலேயே பிழிந்துவிட்டு, மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நானே சாப்பிட்டேன். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது. புளிப்பே விடாவிட்டாலும் இரும்புக் கல்லில் வெந்த வெண்டைக்காய் அங்கேயே கிடந்தால் கறுக்கும். முடிந்ததும் உடனே தட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு விசேஷம், பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சமையல், ஆயா வீட்டில். ஒன்றரைக் கிலோ வெண்டைக்காய். கால் கிலோ கால் கிலோவாக ஆறு ஈடு போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அன்றுதான் வளவின் அருமை தெரிந்தது. காலை 9 மணிக்கே நறுக்கியதை மூன்று சுளகில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, வளவின் நடுவில் வெயில் விழும் முற்றத்தில் வைத்தார்கள். காக்காய்க்கு ஒரு வலைத் துணி. இரண்டு மணி நேரம். வெட்டுமுகம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வாடியிருந்தது. ஒரு சுளகில் வைத்த அரைக் கிலோவை நிறுத்துப் பார்த்தேன், 410 கிராம் காட்டியது. அடுப்பு போக்க வேண்டிய தண்ணீரில் பாதிக்கு ஓரளவு நெருக்கமாக வெயிலே போக்கிவிட்டது. அதனால் ஈட்டுக்குக் கால் கிலோவுக்குப் பதில் அரைக் கிலோக் காயைப் போட முடிந்தது, ஈடு ஒன்றுக்குப் பத்து நிமிடம்தான். வத்தல் போடுகிற வீட்டில் இதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார்களாம். மழைக்காலத்தில் இது நடக்காது. மின்விசிறிக்குக் கீழே மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தேன், எடை குறைந்தது, ஆனால் வெயில் அளவுக்கு இல்லை.

காய் முற்றலாக இருந்தால் இதெல்லாம் வீண். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைகிற காயில் நார் இருக்கும், எவ்வளவு வதக்கினாலும் மெல்ல வேண்டியிருக்கும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எல்லாம் சரியாக வந்தும் ஒரு வாரம் டப்பா மட்டும் சதி செய்தது. தட்டில் உதிர் உதிராக இருந்த காய், மதியம் மகள் திறக்கும்போது மறுபடி பிசுபிசுத்திருந்தது. "காலைல மொறுமொறுன்னு இருந்துச்சு, மத்தியானம் அழுவுது அப்பச்சி" என்றாள். மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தேன், முத்து முத்தாகத் தண்ணீர். அடுப்பில் மூடி போடாதவன், டப்பாவில் ஆவி பறக்க அடைத்து மூடி போட்டிருக்கிறேன். இப்போது 7 மணிக்கே காயை முடித்துப் பெரிய தட்டில் பரப்பி, ஆறவிட்டு, கை வைத்தால் சூடு தெரியாதபோதுதான் டப்பாவில் போடுகிறேன். சோற்றை அதே டப்பாவின் வேறு அடுக்கில். நேற்று டப்பா காலியாக வந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த ரெண்டு உளுந்தைத் தவிர.